பில்லுக்குப் பின்னால் இருக்கும் அந்த ஒரு வரி

தண்டையார்பேட்டையிலிருந்து ஓர் அக்கா புடவைப் பையோடு வந்தார் (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்). மகள் வளைகாப்புக்காக எம்.சி. ரோட்டில் எடுத்தது, 4,850 ரூபாய். வீட்டில் பிரித்தால் முந்திக்குப் பக்கத்தில், மடிப்புக்குள்ளே, ஒரு விரல் நீளத்துக்கு நூல் விட்டிருந்தது. மறுநாளே கடைக்குப் போனார். "பில்லுக்குப் பின்னாடி படிங்கக்கா" என்றிருக்கிறார்கள். அங்கே: 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது.'

அச்சடித்துவிட்டதாலேயே அது சட்டமாகிவிடாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பிரிவு 2(47)இல் நியாயமற்ற வணிக நடைமுறைகளின் பட்டியல் இருக்கிறது. குறைபாடுள்ள பொருளைத் திரும்ப வாங்கிக்கொண்டு பணம் தர மறுப்பதும் அதில் ஒன்று. பில்லில் கெடு போட்டிருந்தால் அதற்குள், போடாவிட்டால் 30 நாளுக்குள் கடை பணத்தைத் தர வேண்டும். 'திரும்பப் பெறமாட்டோம்' என்ற வரியில் கெடு எதுவும் இல்லை. ஆகவே 30 நாள் கணக்குதான் பொருந்தும் என்பது என் வாசிப்பு.

'குறைபாடு' என்ற சொல்லை மட்டும் விட்டுவிடாதீர்கள். கலர் பிடிக்கவில்லை, மாமியார் முகம் சுளித்தார் என்பதெல்லாம் இதில் வராது. அதற்கு மாற்றிக் கொடுப்பது கடைக்காரரின் மனசு.

அந்த அக்காவிடம் நான் முதலில் கேட்டது, "ஃபால்ஸ் தச்சீங்களா? குச்சம் கட்டக் குடுத்தீங்களா?" நல்லவேளை, இல்லை, விலைச்சீட்டுகூட அப்படியே தொங்கியது. தையல் விழுந்திருந்தால் "கிழிச்சது உங்க டெய்லர்" என்று கடை திருப்பியிருக்கும். அதற்குப் பிறகு எப்போது கிழிந்தது என்பதே வழக்காகிவிடும். டேமேஜைக் கண்ணில் பட்ட அன்றே போட்டோ எடுத்து, கடையின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிடுங்கள். வாய்ச்சண்டைக்குத் தேதி கிடையாது, மெசேஜுக்கு உண்டு. பில் தர மறுப்பதும் இதே பட்டியலில் உள்ள தவறுதான்.

மசியவில்லை என்றால் 1915க்கு அழைக்கலாம். தேசிய நுகர்வோர் உதவி எண். அங்கே சமரசம்தான் பேசுவார்கள், உத்தரவு போட முடியாது. உத்தரவு வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நம் பகுதிக்குச் சென்னை வடக்குக்கென்று தனி ஆணையமே இருக்கிறது. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை புகாருக்குக் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை (என் பிழைப்பில் நானே மண் போட்டுக்கொள்கிறேன்).

இது பொதுத் தகவல் மட்டுமே, சட்ட ஆலோசனை அல்ல. உங்கள் பில்லும் பொருளும் வேறாக இருக்கலாம். காகிதங்களோடு ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

அக்காவுக்கு ஆணையம் வரை போக வேண்டியிருக்கவில்லை. பிரிவு எண் போட்டு ஒரு பக்க நோட்டீஸ் போனது. நாலாம் நாள் கடையிலிருந்தே கூப்பிட்டுப் பணத்தைக் கொடுத்துவிட்டார்கள். அடுத்த புடவையை அவர் கடை மேஜையிலேயே ஐந்தரை மீட்டரும் விரித்துப் பார்த்துவிட்டுத்தான் பில் போடச் சொன்னாராம்.