மூட்டை மேலே போகும்போது கம்பியில் எவ்வளவு இழுவை?

வெள்ளவத்தையில் நான் உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கும் அறையின் ஜன்னலுக்கு நேரே ஒரு தொடர்மாடி எழும்பிக்கொண்டிருக்கிறது. உச்சியில் ஒரு இரும்புச் சட்டம், அதில் ஒரு கப்பி. கீழே தரையில் மோட்டார் பூட்டிய வின்ச். அதிலிருந்து புறப்படும் கம்பி கப்பிக்கு மேலால் போய்த் திரும்பிக் கீழே இறங்கி, ஒரு மூட்டை சீமெந்தைப் பிடித்துக்கொள்கிறது. ஒரு மூட்டை 50 கிலோகிராம். ஆளியை அமத்தியதும் கம்பி விறைக்கிறது, மூட்டை மேலே போகிறது.

இதையே அன்று வகுப்பில் கணக்காகக் கொடுத்தேன். மூட்டை ஓய்விலிருந்து புறப்பட்டு 0.2 செக்கனில் செக்கனுக்கு 0.3 மீற்றர் வேகத்தை அடைகிறது. ஆகவே அந்த நேரத்தில் ஆர்முடுகல் 1.5 m s⁻², மேல்நோக்கி. கம்பியின் இழுவை என்ன? கம்பியின் திணிவை இப்போதைக்கு விட்டுவிடலாம். கொழும்பு மத்திய கோட்டுக்குக் கிட்ட இருப்பதால் இங்கே g சற்றுக் குறைவு, 9.78 m s⁻². அதையே எடுக்கச் சொன்னேன்.

வகுப்பில் இரண்டு விடைகள் வந்தன. சிலருக்கு 564 நியூற்றன், சிலருக்கு 414. வித்தியாசம் 150 நியூற்றன். கூட்டல் கழித்தலில் யாரும் பிழை விடவில்லை. பிழை இருந்தது படத்தில்.

414 என்று எழுதிய ஒரு மாணவியின் கொப்பியை வாங்கிப் பார்த்தேன். மூட்டையை ஒரு சதுரமாகக் கீறி மூன்று அம்புக்குறிகள் போட்டிருந்தாள். மேலே T, மேலே ma, கீழே mg. பிறகு மேலே உள்ளவற்றையும் கீழே உள்ளதையும் சமப்படுத்தியிருந்தாள்: T + ma = mg.

"பிள்ளை, இந்த T-ஐ மூட்டைக்குக் கொடுக்கிறது யார்?"

"கம்பி, சேர்."

"mg?"

"பூமி."

"ma?"

கொஞ்ச நேரம் யோசித்தாள். "அது... மூட்டை மேலே போகுது தானே சேர்?"

கேள்விக்கு அது பதில் இல்லை என்று அவளுக்கே தெரிந்தது. விசைப்படத்தில் ஓர் அம்புக்குறி நிற்க வேண்டுமென்றால், அந்த விசையைக் கொடுக்கும் பொருள் ஒன்று வெளியே இருக்க வேண்டும். ma-ஐக் கொடுக்க யாருமில்லை. T-யும் mg-யும் சேர்ந்து மூட்டைக்குச் செய்யும் விளைவுதான் ma. அது சமன்பாட்டின் மறுபக்கத்தில் வரவேண்டியது. அதைப் படத்துக்குள்ளும் விசையாகப் போட்டால், விளைவையே காரணங்களில் ஒன்றாகச் சேர்த்த மாதிரி ஆகிவிடும். ஆர்முடுகலைக் காட்ட விரும்பினால் சதுரத்துக்கு வெளியே, பக்கத்தில், வேறு மாதிரியான அம்புக்குறியால் காட்டலாம். நான் இரட்டைத் தலை அம்புக்குறி போடுவேன்.

படத்தைச் சரியாகக் கீற ஒரு வழி, மூட்டையைச் சுற்றிப் புள்ளிக்கோடு போட்டு மூடுவது. பிறகு அந்தக் கோட்டை எவை தொடுகின்றன என்று ஒரு சுற்றுத் தேட வேண்டும். கம்பி ஓர் இடத்தில் கோட்டை வெட்டுகிறது, அங்கே T. வேறெதுவும் தொடவில்லை. காற்று தொடுகிறதுதான், ஆனால் இந்த வேகத்தில் அதன் தடையைக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை. தொடாமலே இழுப்பது பூமி, அது mg. அவ்வளவுதான். சில பிள்ளைகள் "மோட்டாரின் விசை" என்று இன்னொன்றும் போட்டிருந்தார்கள். மோட்டார் தரையில் இருக்கிறது. அது மூட்டையைத் தொடவேயில்லை. அது இழுப்பது கம்பியை, மூட்டையை இழுப்பது கம்பி.

இரண்டு அம்புக்குறிகள்தான் என்று ஆனபின் கணக்கு ஒரே வரி. மேல்நோக்கி F = ma பிரயோகிக்க, T − mg = ma. ஆகவே T = m(g + a) = 50 × 11.28 = 564 N.

விடை சரியா என்று எந்தக் கருவியும் இல்லாமலே ஒரு தடவை சோதிக்கலாம். மாணவியின் சமன்பாடு T = m(g − a) என்று சொல்கிறது. அதில் a-ஐக் கூட்டிக்கொண்டே போங்கள். மூட்டை எவ்வளவு வேகமாகக் கிளம்புகிறதோ, அவ்வளவுக்கு இழுவை குறைகிறது. a-யும் g-யும் சமனானால் இழுவை பூச்சியம். அதாவது கம்பியே தொய்ந்து கிடக்க, மூட்டை தானாக மேலே பறக்கிறது! அப்படி எங்கும் நடக்காது. சரியான சமன்பாட்டில் a பூச்சியமானால் T = mg வருகிறது. மூட்டை g ஆர்முடுகலுடன் கீழே விழுந்தால், a = −g, இழுவை பூச்சியம். இரண்டும் நாம் கண்ணால் காண்பவை.

ஆனாலும் அவளுக்குத் திருப்தியில்லை. அவள் இருப்பது ஒரு தொடர்மாடியின் எட்டாவது மாடியில். லிஃப்டே ஒரு வின்ச்தானே, அதற்குள் ஒரு பொதியைக் கயிற்றில் தொங்கவிட்டால் அதுவும் ஆர்முடுகலோடு தூக்கப்படும் திணிவுதான் என்று சொன்னேன். சனிக்கிழமை பின்னேரம், லிஃப்டில் ஆள் குறைந்த நேரம் பார்த்து, அவளும் தம்பியும் நானுமாகச் செய்து பார்த்தோம்.

சந்தையில் மீன் நிறுக்கும் வட்டமுகத் தராசு ஒன்று, 10 கிலோ வரை காட்டுவது. 5 கிலோ அரிசிப் பொதி. இடையில் ஒரு முழம் நைலோன் கயிறு. லிஃப்டின் தரையில் ஒரு போனை மல்லாக்க வைத்து, phyphox என்ற இலவசச் செயலியில் ஆர்முடுகலைப் பதிவு செய்தோம். இன்னொரு போன் தராசின் முள்ளை வீடியோ எடுத்தது. எலக்ட்ரோனிக் பயணப்பைத் தராசு இதற்குச் சரிவராது. அது ஆட்டம் ஓயும்வரை காத்திருந்து ஒரு எண்ணை உறைய வைத்துவிடும், நமக்கு வேண்டியது இடையில் நடப்பது.

முதல் முயற்சியில் தராசை லிஃப்டின் கைபிடிக் கம்பியில் கட்டினோம். லிஃப்ட் அசையாமல் நிற்கும்போதே முள் 4.9 காட்டியது. பொதி சுவரில் சாய்ந்து கொண்டிருந்தது. புள்ளிக்கோட்டை மனதில் போட்டுப் பார்த்தால் தெரியும்: இப்போது கோட்டைத் தொடுவது கயிறு மட்டுமில்லை, சுவரும் தொடுகிறது. அதன் உராய்வு பொதியின் நிறையில் ஒரு சிறு பங்கைத் தாங்குகிறது. படத்தில் மூன்றாவது பொருள் ஒன்று நுழைந்துவிட்டது. ஓய்வில் 5.0 வராதவரை ஓடும்போது வரும் எந்த எண்ணையும் நம்ப முடியாது. தம்பியும் நானும் ஒரு விளக்குமாற்றுத் தடியைத் தோளில் வைத்துத் தாங்க, அதன் நடுவில் தராசைத் தொங்கவிட்டோம். முள் 5.0-இல் நின்றது.

தராசில் எழுதியிருப்பது கிலோகிராம் என்றாலும் அது உணர்வது திணிவை அல்ல, கொளுக்கியில் உள்ள இழுவையைத்தான். அந்த இழுவையை g-ஆல் வகுத்த கணக்கில் முகப்பில் எண் போட்டிருக்கிறார்கள். லிஃப்ட் கிளம்பும்போது போன் காட்டியது ஏறத்தாழ 0.8 m s⁻². சரியான படத்தின்படி இழுவை 5 × 10.58 = 52.9 N, முள் 5.41-இல் நிற்க வேண்டும். மாணவியின் பழைய படத்தின்படி 4.59. இரண்டையும் அவளே ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக் கையில் வைத்திருந்தாள்.

கதவு மூடியது. முள் துள்ளி 5.6-க்குப் போய், 5.25-க்கு வந்து, ஆடியது. வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்தபோது ஆட்டத்தின் நடு 5.4-ஐ ஒட்டி இருந்தது. முள் ஏன் ஆடுகிறது என்றால் தராசுக்குள் இருப்பது வில். திடீரென்று இழுவை கூடினால் வில் புதிய இடத்தைத் தாண்டிப் போய்த்தான் திரும்பும். ஆகவே உச்சத்தை வாசித்தால் கூடுதலாகவே கிடைக்கும். ஆட்டத்தின் நடுவைத்தான் எடுக்க வேண்டும்.

அதன் பிறகு லிஃப்ட் சீரான வேகத்தில் ஓடியது. முள் 5.0-க்குத் திரும்பிவிட்டது. மேலே போகிறது, ஆனாலும் இழுவை ஓய்வில் இருந்த அதே அளவுதான். எட்டாவது மாடி நெருங்கியதும் முள் 4.6-க்கு இறங்கியது.

"சேர், இப்பவும் மேலேதானே போகுது!"

அந்த இடத்தில்தான் அவளுக்குப் பிடிபட்டது. போகும் திசை வேறு, ஆர்முடுகலின் திசை வேறு. நிற்கப்போகும் லிஃப்டின் வேகம் மேல்நோக்கி, ஆர்முடுகல் கீழ்நோக்கி. ஆகவே T = m(g − 0.8). அவளுடைய பழைய எண் 4.59 பொய்யில்லை. அது கிளம்பும் லிஃப்டுக்குரியதல்ல, நிற்கும் லிஃப்டுக்குரியது. கீழே இறங்கும்போது எல்லாம் தலைகீழானது: கிளம்புகையில் 4.6, தரைத்தளத்தில் நிற்கையில் 5.4. இறங்கிக்கொண்டிருக்கும்போது இழுவை கூடுவதை அவள் இரண்டு தரம் போய்ப் பார்த்தாள்.

திங்கட்கிழமை வகுப்பில் மறுபடி ஜன்னலுக்கு வெளியே இருந்த மூட்டையை எடுத்துக்கொண்டோம். இந்த முறை கேள்வி, கம்பி தொய்ந்து கிடக்கும்போது ஆளியை அமத்தினால் என்ன ஆகும் என்பது. மூட்டை தரையில் இருக்க, வின்ச்சின் உருளை செக்கனுக்கு 0.3 மீற்றர் வேகத்தில் தொய்வைச் சுற்றி எடுக்கிறது. தொய்வு தீர்ந்த கணத்தில் மூட்டை அதே வேகத்துக்கு வர வேண்டும், இப்போது 0.2 செக்கன் கிடைக்காது. 0.02 செக்கனில் வந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். படம் மாறவில்லை. அதே இரண்டு அம்புக்குறிகள், அதே T = m(g + a). மாறியது a மட்டும், 15 m s⁻². இழுவை 50 × 24.78 = 1239 N. அசையாமல் தொங்கும் மூட்டைக்கு வேண்டியது 489 N. இரண்டரை மடங்கு.

அடுத்து உச்சியில் உள்ள கப்பியைச் சுற்றிப் புள்ளிக்கோடு போடச் சொன்னேன். அந்தக் கோட்டைக் கம்பி இரண்டு இடத்தில் வெட்டுகிறது, மூட்டைப் பக்கம் ஒன்று, வின்ச் பக்கம் ஒன்று. இரண்டும் கீழ்நோக்கி இழுக்கின்றன. உராய்வை விட்டால் இரண்டிலும் T. ஆகவே சட்டம் தாங்க வேண்டியது 2T. அந்தக் கணத்தில் அது 2478 N, கிட்டத்தட்ட 250 கிலோ தொங்குவது போல. 50 கிலோ மூட்டைக்கு 50 கிலோ தாங்கும் சட்டம் போதும் என்று நினைப்பவர், படத்தில் இரண்டாவது வெட்டையும் கணக்கில் ஆர்முடுகலையும் தவறவிட்டவர்.

கணக்கு முடிந்த நேரம் எதிரே வின்ச்காரர் அடுத்த மூட்டையைக் கொளுவினார். பிள்ளைகள் ஜன்னலுக்கு வந்தார்கள். அவர் ஆளியை ஒரு தரம் தட்டிவிட்டு விரலை எடுத்தார். கம்பி கொஞ்சம் ஏறி நின்றது. மறுபடி ஒரு தட்டு. தொய்வு தீர்ந்து கம்பி நேராகி, மூட்டையின் கழுத்து நிமிர்ந்தது. அதன் பிறகுதான் விரலை வைத்து அமத்தினார்.