வயிறு முறுக்கிய நாய்க்கு ட்ரிப்ஸ் ஏன் முன்னங்காலில்?

ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்திலிருந்து இரவு ஒன்பதரைக்கு ஒரு போன் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். "டாக்டருங்க, சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் ஆச்சுங்க. ஓங்கரிச்சுக்கிட்டே இருக்குது, ஒண்ணும் வெளிய வர மாட்டேங்குது." எட்டு வயது ஜெர்மன் ஷெப்பர்ட், 35 கிலோ. இதற்கு மேல் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கத் தேவையில்லை, உடனே வண்டியில் ஏற்றச் சொல்ல வேண்டியதுதான். பெரிய மார்புக்கூடு உள்ள நாய் ஓங்கரித்து, நுரைத்த எச்சில் மட்டும் ஒழுகினால், வேறு காரணம் நிரூபணமாகும் வரை அது இரைப்பை முறுக்கம்தான்.

வயிறு பந்துபோல உப்பியிருக்குமே என்று சிலர் அதற்காகக் காத்திருப்பார்கள். கிரேட் டேன், டாபர்மேன், ஷெப்பர்ட் போன்றவற்றில் மார்புக்கூடு ஆழமானது. உப்பிய இரைப்பை விலா எலும்புகளுக்குள்ளேயே மறைந்துவிடலாம். நிலைகொள்ளாமல் நடப்பது, படுத்துப் படுத்து எழுவது, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது ஆகியவைதான் முதலில் தெரியும். ஈறை விரலால் அழுத்தி எடுத்துப் பாருங்கள். வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். தாமதித்தால் ரத்த ஓட்டம் தளர்ந்துவிட்டது என்று பொருள்.

உள்ளே நடப்பது இதுதான். காற்று நிறைந்த இரைப்பை தன் அச்சில் சுழல்கிறது. வலப்பக்கம் இருக்கவேண்டிய குடல்வாய் வயிற்றின் அடிப்புறமாக நகர்ந்து இடப்பக்கம் மேலே போய்விடுகிறது. கோணிப்பையின் இரு முனைகளையும் முறுக்கினாற்போல உணவுக்குழல் வாயும் குடல்வாயும் அடைபடுகின்றன. அதனால் ஏப்பமும் வராது, வாந்தியும் வராது. மண்ணீரலும் கூடவே இழுபடுகிறது.

ஆனால் முதலில் உயிரைப் பறிப்பது முறுக்கு அல்ல, அழுத்தம். பின்னங்கால்களிலிருந்தும் வயிற்றிலிருந்தும் ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுவரும் பெருஞ்சிரை, உப்பிய இரைப்பையின் கீழ் நசுங்குகிறது. ரத்தம் பின்பாதியில் தேங்கிவிட, இதயம் நிமிடத்துக்கு 180 முறை துடித்தும் வெளியே தள்ளப் போதிய ரத்தம் இல்லை. ட்ரிப்ஸை முன்னங்காலில் ஏற்றுவது அதனால்தான். பின்னங்காலில் ஏற்றும் திரவம் அடைப்புக்கு அந்தப் பக்கமே நின்றுவிடும்.

இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி சேலம் வர ஒரு மணி நேரம் ஆகலாம். வழியில் தண்ணீர், ஓம வாட்டர், சோடா எதுவும் கொடுக்கக் கூடாது. வயிற்றை அமுக்கவும் கூடாது. முன்கூட்டியே போன் செய்திருந்தால் ஆபரேஷன் மேசை தயாராக இருக்கும்.

நாய் வந்ததும் இரண்டு முன்னங்கால்களிலும் கிடைக்கும் பெரிய அளவு ஊசிக்குழாய் போடுவோம். சிறிய ஊசியில் திரவம் சொட்டிக்கொண்டுதான் இருக்கும். ரத்த ஓட்டம் தளர்ந்த இந்த அதிர்ச்சி நிலைக்கு ஏற்றும் ரிங்கர் லாக்டேட் திரவத்தின் அளவு கிலோவுக்கு 90 மில்லி வரை போகும். இந்த நாய்க்கு 3 லிட்டருக்குச் சற்று மேல். அதை ஒரேயடியாக ஏற்றுவதில்லை. கால்பங்கு, அதாவது சுமார் 800 மில்லியைப் பதினைந்து நிமிடத்தில் ஏற்றிவிட்டு நாடியையும் ஈறையும் மறுபடி பார்ப்போம். தேவைப்பட்டால் அடுத்த கால்பங்கு. கூடவே வலிக்கு மருந்து.

அடுத்தது காற்றை இறக்குவது. கடைசி விலாவுக்குப் பின்னால், பெரும்பாலும் வலப்பக்கம், ஸ்டெதஸ்கோப்பை வைத்துக்கொண்டு விரலால் சுண்டினால் ஓரிடத்தில் கணீரென்று கேட்கும். மந்தமாகக் கேட்கும் இடத்தில் மண்ணீரல் இருக்கலாம். அங்கே குத்தக் கூடாது. கணீரென்ற இடத்தில் முடியை மழித்து, சுத்தம் செய்து, தடித்த நீள ஊசியைச் செலுத்தினால் புளித்த நாற்றத்தோடு காற்று சீறும். அப்புறம் தொடையில் விரல் வைத்தால் காணாமல் போயிருந்த நாடி மெல்லத் தட்டுப்படும்.

இங்கேதான் உரிமையாளர் ஏமாறுவார். நாய் எழுந்து நிற்கும், வாலைக்கூட ஆட்டும். "சரியாயிடுச்சுங்களே, ஆபரேஷன் வேணுங்களா?" என்பார். காற்றுதான் போயிருக்கிறது, முறுக்கு அப்படியே இருக்கிறது. வாய்வழியாக ரப்பர் குழாய் இரைப்பைக்குள் இறங்கிவிட்டாலும் முறுக்கு இல்லையென்று சொல்லிவிட முடியாது. வலப்பக்கம் படுக்கவைத்து எக்ஸ்ரே எடுத்தால், நடுவே ஒரு மடிப்புக்கோடு பிரிக்கும் இரண்டு காற்றுக் குமிழ்களாக இரைப்பை தெரியும். மல்லாக்கப் படுக்கவைப்பதைத் தவிர்ப்போம், பெருஞ்சிரை மேலும் நசுங்கும். ரத்த ஓட்டம் ஓரளவு நிலைப்பட்டதும் அறுவைதான்; மறுநாள் காலைவரை தள்ளினால் இரைப்பைச் சுவர் அழுகத் தொடங்கிவிடும்.

இதயத்தை மட்டும் கடைசிவரை நம்ப முடியாது. அறுவை முடிந்த மறுநாள்கூடத் துடிப்பு தாளம் தப்பலாம், அதனால் இசிஜியில் ஒரு கண் வேண்டும். அறுவையில் முறுக்கைப் பிரித்த பின் இரைப்பையை வலப்பக்க வயிற்றுச் சுவரோடு தைத்துவிடுவார்கள். தைக்காமல் விட்டால் பாதிக்கும் மேற்பட்ட நாய்களுக்கு மறுபடி முறுக்கிக்கொள்ளும். ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகள் வேறு வீடுகளில் வளர்ந்தால் அந்த வீட்டாருக்கும் தகவல் சொல்லிவிடுங்கள். ரத்த உறவுக்கு இந்த ஆபத்து கூடுதல். அந்த நாய்களுக்குக் கருத்தடை அறுவையின்போதே, முறுக்கு வருமுன் காக்க, இந்தத் தையலையும் போட்டுக்கொள்ளலாம்.