மரபணு நகர்வு: சொல்லும் பொருளும்

'மரபணு நகர்வு' என்னும் தொடரை முதன்முறையாகப் படிப்பவர், மரபணுக்கள் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குச் செல்வதையே அது குறிக்கிறது என்று எண்ணிக்கொள்வது இயல்பு. ஒரு குடித்தொகையிலிருந்து இன்னொரு குடித்தொகைக்கு மரபணுக்கள் அவ்வாறு செல்வது உண்டு. ஆனால் அதற்கு மரபணுப் பாய்வு என்ற வேறு பெயர் இருக்கிறது. மரபணு நகர்வில் எதுவும் இடம் மாறுவதில்லை. ஒரு மரபணுவின் மாற்று வடிவங்கள் ஒரு குடித்தொகையில் எந்த விகிதத்தில் இருக்கின்றனவோ, அந்த விகிதம் தலைமுறைக்குத் தலைமுறை தற்செயலால் மட்டுமே மாறிக்கொண்டிருப்பதுதான் மரபணு நகர்வு. நகர்வது விகிதமே தவிர மரபணு அன்று.

மரபணுவின் மாற்று வடிவத்தைத் தமிழ்நாட்டில் பெரும்பாலும் 'அல்லீல்' என்றே எழுதுகிறோம். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் 'எதிருரு' என்ற சொல் வழங்குகிறது. 1902ஆம் ஆண்டு பிரித்தானிய மரபியலாளர்களான வில்லியம் பேட்சனும் எடித் சாண்டர்சும் 'ஒன்றுக்கொன்று', 'உருவம்' என்னும் பொருள் தரும் இரண்டு கிரேக்கச் சொற்களை இணைத்து அல்லீலோமார்ஃப் என்ற பெயரை உருவாக்கினர். அதன் சுருக்கமே அல்லீல். எதிருரு என்ற தமிழாக்கம் அந்த இரு கூறுகளையும் ஏறத்தாழ அப்படியே தாங்கி நிற்பதாலும், ஒருமை பன்மை வேற்றுமை உருபுகளை இடறலின்றி ஏற்பதாலும், இக்கட்டுரையில் அதையே பயன்படுத்துகிறேன்.

'டிரிஃப்ட்' என்னும் ஆங்கிலச் சொல், துரத்துதல், ஓட்டுதல் என்னும் பொருளுடைய பழைய வினையோடு உறவுடையது. காற்றோ நீரோ தள்ளிக்கொண்டு போகும் பொருளையும் அது போகும் போக்கையும் அச்சொல் குறித்தது. மரபியலில் அதை நிலைபெறச் செய்தவர் அமெரிக்க மரபியலாளர் சூவல் ரைட். 1931இல் அவர் வெளியிட்ட நெடிய ஆய்வுரைக்குப் பிறகு இந்நிகழ்வுக்குச் சூவல் ரைட் விளைவு என்ற பெயரே சில காலம் வழங்கியது. ரைட் சொல்ல விரும்பியதன் உயிர்நாடி, இந்த மாற்றத்துக்குத் திசை இல்லை என்பதும், நேற்று எந்தப் பக்கம் சென்றது என்ற நினைவு அதற்கு இல்லை என்பதும் ஆகும். கண்டப்பெயர்ச்சியில் வரும் 'பெயர்ச்சி'யை இங்கும் கொண்டுவரலாம் என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால் கண்டங்கள் குறிப்பிட்ட திசையில் தொடர்ந்து நகர்கின்றன. 'அலைவு' என்றாலோ, ஊசல் போல நடுநிலைக்குத் திரும்பும் என்ற எண்ணம் வந்துவிடும். எதிருருவின் விகிதம் அப்படித் திரும்பக் கடமைப்பட்டதன்று. பூச்சியத்தைத் தொட்டுவிட்டால் அந்த எதிருரு அழிந்தது, நூறு விழுக்காட்டைத் தொட்டுவிட்டால் மற்றது அழிந்தது. அதனால் 'தற்செயல் மரபணு நகர்வு' என்று முதன்முறை முழுமையாக எழுதி, பின்னர் 'நகர்வு' என்று சுருக்குவதே பொருந்தும் என்பது என் துணிபு. தற்செயல் என்ற அடையை விட்டுவிட்டால் சொல்லின் பாதிப் பொருள் போய்விடுகிறது.

திசையின்மை என்பது வெறும் கருத்தன்று, எண்ணிப் பார்க்கப்பட்ட ஒன்று. மரபியலாளர் பீட்டர் புரி 1956இல் வெளியிட்ட சோதனையில் 107 சிறு பழ ஈக் குடித்தொகைகளைத் தனித்தனிப் புட்டிகளில் வளர்த்தார். ஒவ்வொன்றிலும் 8 ஆண், 8 பெண். கண் நிறத்தைத் தீர்மானிக்கும் ஒரு மரபணுவின் இரண்டு எதிருருக்களும் தொடக்கத்தில் சரிபாதி. ஒவ்வொரு தலைமுறையிலும் பிறந்த ஈக்களிலிருந்து மீண்டும் 8 ஆணும் 8 பெண்ணும் கண்மூடித்தனமாக எடுக்கப்பட்டன. 19 தலைமுறைகளுக்குப் பின் 30 குடித்தொகைகளில் ஓர் எதிருரு முற்றிலும் மறைந்திருந்தது. 28இல் அதுவே முழுமையாக நிலைத்து மற்றது மறைந்திருந்தது. எஞ்சிய 49இல் இரண்டும் வெவ்வேறு விகிதங்களில் இருந்தன. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் சராசரி விகிதம் பாதியைவிட்டு அதிகம் விலகவில்லை. ஏதேனும் ஓர் எதிருரு ஈக்களுக்கு நன்மை செய்திருந்தால் பெரும்பாலான புட்டிகள் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும். அவ்வாறு சாயாமல் இரு பக்கமும் ஏறத்தாழச் சமமாகப் பிரிந்ததே நகர்வின் அடையாளம். ஒரே ஒரு புட்டியைப் பார்த்தவர் இதைக் கண்டிருக்க முடியாது.

இயற்கையிலோ நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரே ஒரு புட்டிதான். மேற்குப் பசிபிக்கின் கரோலைன் தீவுகளில், இன்றைய மைக்ரோனேசியக் கூட்டாட்சியைச் சேர்ந்த பிங்கெலாப் என்ற சிறு பவளத்தீவு அதற்குத் தக்க எடுத்துக்காட்டு. 1775 வாக்கில் லெங்கியெக்கி என்று பெயர்பெற்ற புயல் அத்தீவைத் தாக்கியது. புயலுக்கும் அதைத் தொடர்ந்த பட்டினிக்கும் பிறகு உயிரோடு இருந்தோர் ஏறத்தாழ 20 பேர். இன்று அத்தீவு மக்களிலும் அவர்கள் வழிவந்தோரிலும் நூற்றுக்கு 5 முதல் 10 பேர் நிறமே காண இயலாதவர்கள். பகல் வெளிச்சத்தில் கண் கூசும், நுண்ணிய எழுத்தைப் படிக்க முடியாது. அங்கு இதற்கு 'மாஸ்குன்' என்று பெயர், 'காணாமை' என்று பொருள். உலகின் பிற இடங்களில் இக்குறை ஏறத்தாழ 30,000 பேரில் ஒருவருக்கே உண்டு. விழித்திரையின் கூம்பு உயிரணுக்களில் உள்ள ஒரு வாயில்புரதத்தை உருவாக்கும் CNGB3 என்ற மரபணுவில் ஏற்பட்ட ஒற்றை மாற்றமே இதற்குக் காரணம் என்பது 2000ஆம் ஆண்டில் தெரியவந்தது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் மாறிய எதிருருவைப் பெற்றவருக்கு மட்டுமே குறை வெளிப்படும். மாறிய எதிருருவின் ஒரு படி மட்டும் உடையவர் இயல்பாகப் பார்ப்பார், ஆயினும் பிள்ளைகளுக்கு அதைக் கடத்துவார்.

வமிசாவளிகளைப் பின்னோக்கித் தொடர்ந்தபோது, தப்பியவர்களில் ஒருவரான தீவுத் தலைவர் முவானெனிசெட் அந்த எதிருருவைச் சுமந்திருக்க வேண்டும் என்ற முடிவுக்கு ஆய்வாளர்கள் வந்தனர். ஒரு கணக்கை மனத்தில் இட்டுப் பார்ப்போம். புயலுக்கு முன் தீவில் 1,000 பேர் இருந்ததாகவும், அவர்களில் ஒருவரிடம் மட்டும் அந்த எதிருருவின் ஒரு படி இருந்ததாகவும் கொள்வோம். ஒவ்வொருவரிடமும் இரண்டு படிகள் என்பதால் மொத்தம் 2,000, விகிதம் 0.05 விழுக்காடு. 20 பேர் மட்டும் தப்பும்போது அந்த ஒருவரும் அவர்களுள் இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 2. மீதி 98 வாய்ப்புகளில் அந்த எதிருரு அன்றே தீவைவிட்டு மறைந்திருக்கும். தப்பினாலோ, விகிதம் 40இல் ஒன்று, அதாவது 2.5 விழுக்காடு, ஒரே நாளில் ஐம்பது மடங்கு. நகர்வு என்றாலே அரிய எதிருருக்களைப் பெருக்குவது என்று எண்ணிவிடக் கூடாது. பெரும்பாலும் அது அவற்றைத் துடைத்தெறிகிறது. நாம் கண்டு வியப்பது எஞ்சிய சில நிகழ்வுகளை மட்டுமே.

இவ்வாறு பெரிய குடித்தொகை திடீரெனச் சுருங்கி, சுருங்கிய சிலரின் வழியே மீண்டும் பெருகுவதைக் குப்பிக்கழுத்து விளைவு என்கிறோம். கழுத்தைக் கடந்த பின் எண்ணிக்கை பழைய அளவுக்குத் திரும்பலாம், ஆனால் இழந்த எதிருருக்கள் திரும்புவதில்லை என்பதே அச்சொல்லில் அடங்கிய செய்தி.

ஆனால் புயல் மட்டும் இன்றைய நிலையை விளக்கிவிடாது. நூற்றுக்கு 5 பேரிடம் இரு படிகளும் இருக்கின்றன என்றால், எதிருருவின் விகிதம் 22 விழுக்காட்டை ஒட்டியிருக்க வேண்டும், ஏனெனில் 0.22 × 0.22 ஏறத்தாழ 0.05. புயல் தந்ததோ 2.5 விழுக்காடு. எஞ்சிய உயர்வு அடுத்து வந்த சில தலைமுறைகளில் நிகழ்ந்தது. ஒரு படி உடையவரின் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது செல்லும் வாய்ப்பு பாதி. இரண்டே பிள்ளைகள் என்றால் இருவருக்குமே போகாதிருக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று. ஆறு பிள்ளைகள் என்றால் 64இல் ஒன்று. தீவின் தலைவராக இருந்தவருக்கு மற்றவர்களைவிடப் பிள்ளைகள் மிகுந்திருந்தால், அவரது எதிருருக்கள் அடுத்த தலைமுறையில் அளவுக்கு மீறிய பங்கைப் பெறும். அது கண்ணுக்கு நல்லதா தீயதா என்பதற்கும் இதற்கும் தொடர்பே இல்லை. மாஸ்குன் உடையோர் புயலுக்குப் பின் நான்காம் தலைமுறையில்தான் தோன்றினர் என்று கூறப்படுவதும் இதற்கு இசைவானதே. ஒருவரின் படிகள் பல கிளைகளாகப் பரவி, உறவினருக்குள் நடந்த திருமணங்களில் மீண்டும் சந்திக்க அத்தனை தலைமுறைகள் வேண்டும்.

இங்கே அடிக்கடி நேரும் ஒரு குழப்பத்தைக் களைய வேண்டும். உறவுத் திருமணம் எதிருருவின் விகிதத்தை மாற்றுவதில்லை. இருக்கிற படிகள் இரண்டு இரண்டாக ஒருவரிடமே சேர்வதைத்தான் அது கூட்டுகிறது. விகிதத்தை உயர்த்தியது நகர்வு, குறையை வெளியே காட்டியது உறவுக்குள் நடந்த மணம். சிறு தீவில் இரண்டும் ஒருங்கே நிகழ்வதால் ஒன்றென்று தோன்றுகின்றன.

உயர்வுக்கு இயற்கைத் தேர்வு காரணம் இல்லை என்பதை எப்படி அறிவது? பாதிக்கப்பட்ட தீவினர் அனைவரிடமும் மாற்றம் ஒன்றேயாக இருப்பதும், மரபணுக்களைத் தாங்கும் நிறப்புரியில் அதைச் சுற்றியுள்ள நீண்ட பகுதியும் ஒத்திருப்பதும், அது அண்மைக்கால முன்னோர் ஒருவரிடமிருந்து வந்ததைக் காட்டுகின்றன. இதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. வேகமான தேர்வும் இதே தடயத்தை விட்டுச்செல்லும். வேறுபடுத்துவது மற்ற மரபணுக்கள்தான். தேர்வு தனக்கு வேண்டிய இடத்தைச் சுற்றி மட்டுமே எதிருருக்களின் பன்மையைக் குறைக்கும். குப்பிக்கழுத்தோ மரபுத்தொகுதி முழுவதையும் ஒருசேரப் பாதிக்கும்.

குடித்தொகை சுருங்காமல், அதிலிருந்து சிலர் பிரிந்து புதிய இடத்தில் தனியே பெருகுவதும் உண்டு. 1942இல் பரிணாம உயிரியலாளர் எர்ன்ஸ்ட் மேயர் இதற்குக் கொடுத்த பெயரே தமிழில் 'நிறுவனர் விளைவு' என்று வழங்குகிறது. நிறுவனர் என்றால் பள்ளியோ தொழிற்சாலையோ தொடங்கியவர்தான் நம் நினைவுக்கு வருகிறார். 'முதற்குடி விளைவு' என்றால் பொருள் நேராக விளங்கும். பிங்கெலாப்பிலிருந்து சில குடும்பங்கள் பொன்பெய் தீவுக்குச் சென்று மாண்ட் என்ற ஊரில் வாழத் தொடங்கியபோது, எதிருருவும் அவர்களுடன் சென்றது. கணக்கின்படி இரண்டு விளைவுகளும் ஒன்றே: பெரிய குடித்தொகையிலிருந்து சிலரை மட்டும் தற்செயலாக எடுக்கும் சிறு கூறெடுப்பு.

பிரிக்கும் எல்லை கடலாக இருக்க வேண்டியதில்லை. தென்னிந்தியாவில் சமூகத்துக்குள்ளேயே மணந்துகொள்ளும் அகமணம் பல நூற்றாண்டுகளாக அந்த வேலையைச் செய்திருக்கிறது. ஆரிய வைசியர் சமூகத்தில் பியூட்டிரில்கோலினெஸ்டரேஸ் என்ற நொதிக் குறைபாடு பிறரைவிடப் பன்மடங்கு மிகுதி என்பது மயக்கவியல் மருத்துவர்கள் அறிந்தது. அறுவைக்கு முன் தசைகளைத் தளர்த்தத் தரப்படும் சக்சினைல்கோலின் என்ற மருந்தை அந்நொதியே சில நிமிடங்களில் சிதைக்கிறது. அது இல்லாதவருக்கு மூச்சுத் தசைகள் மணிக்கணக்கில் செயலற்றிருக்கும், அதுவரை கருவியால் மூச்சளிக்க வேண்டும். அன்றாட வாழ்வில் இக்குறைபாட்டால் எந்தத் தொல்லையும் இல்லாததால், அறுவை மேசையில்தான் அது முதலில் தெரியவரும். எனவே அச்சமூகத்தைச் சேர்ந்தவர், அல்லது உறவினர் யாருக்கேனும் மயக்கமருந்துக்குப் பின் மூச்சு திரும்பத் தாமதமானதை அறிந்தவர், அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொன்னால், அவர் வேறு தளர்த்தியைத் தேர்ந்துகொள்வார்.