வேலைச் செய்தியில் கனிவை எங்கே வைப்பது?

வேலை விஷயமாகச் சாட்டில் எழுதுபவர் தன் வரியைத் தன் குரலிலேயே மனத்துக்குள் கேட்டுக்கொள்கிறார். படிப்பவருக்கு அந்தக் குரல் போய்ச் சேர்வதில்லை. ஜஸ்டின் குரூகரும் நிக்கோலஸ் எப்லியும் பிறரும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், மின்னஞ்சலில் வந்த வாக்கியம் கிண்டலா உண்மையா என்று படித்தவர்கள் கணித்தது, காசைச் சுண்டிப் பார்த்துச் சொல்வதைவிடச் சற்றே மேலாக இருந்தது. எழுதியவர்களோ, பெரும்பாலும் புரிந்துவிடும் என்று நம்பியிருந்தார்கள்.

ஆம்பூர்க் காலணித் தொழிற்சாலை ஒன்றின் கொள்முதல் பிரிவில் இருப்பவர், வாணியம்பாடித் தோல் பதனிடும் ஆலையின் மேலாளருக்கு முதன்முறையாக வாட்ஸ்அப்பில் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். "லோடு இன்னும் வரவில்லை. எப்போது வரும்?" என்றால் தகவல் சரிதான், ஆனால் குற்றச்சாட்டாக ஒலிக்கிறது. அதைத் தணிக்க அவர் இப்படி மாற்றுகிறார்: "வணக்கம் சார்!!! 😊 லோடு இன்னும் வரவில்லையே!! 😅 கொஞ்சம் பாருங்களேன்! 🙏🙏" இப்போது கோபம் போய்விட்டது, அவசரமும் கூடவே போய்விட்டது, எவ்வளவு தோல், எந்த நாளுக்குள் என்பதும் இல்லை. அதையே இப்படி எழுதலாம்:

"வணக்கம் சார். 2,000 சதுர அடி கருப்புத் தோல் இன்னும் வந்து சேரவில்லை. புதன் காலை கட்டிங் தொடங்குகிறது. செவ்வாய் மாலைக்குள் அனுப்ப முடியுமா? நன்றி!"

இதில் முகமன் முதலில் நிற்பதால், அடுத்து வரும் குறையை மேலாளர் வசையாக எடுத்துக்கொள்வது குறைகிறது. நடுப்பகுதியில் அலங்காரம் எதுவும் இல்லை. ஒரே ஆச்சரியக்குறி நன்றியோடு நிற்கிறது, நன்றியை யாரும் அதட்டலாகப் படிக்க மாட்டார்கள், அதே குறி "அனுப்புங்கள்!" என்பதன் பின்னால் வந்தால் குரலை உயர்த்தியது போலாகிவிடும். மேலும், "முடியுமா", "பாருங்கள்" என்று மரியாதையை வினைச்சொல்லிலேயே ஏற்றிவிடுகிற தமிழுக்கு, ஆங்கிலத்துக்குத் தேவைப்படும் அளவுக்கு ஆச்சரியக்குறி தேவையில்லை என்பது என் கருத்து.

சிரிப்பு முகத்தை நீக்கியதற்கும் காரணம் உண்டு. எலா கிளிக்சனும் உடனாய்வாளர்களும் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், அறிமுகமில்லாதவரின் முறையான வேலை மின்னஞ்சலில் இருந்த சிரிப்பு முகம் அவரை அன்பானவராகக் காட்டவில்லை, திறமை குறைந்தவராகவே காட்டியது. பழகியவர்களிடையே இது அப்படியே பொருந்தாது. "சார்" என்பது "பாய்" ஆன பிறகு, அவரே முதலில் 👍 அனுப்பினால் அதே அளவில் திருப்பி அனுப்புவதில் தவறில்லை.

முற்றுப்புள்ளி வேறு விதம். பிங்ஹாம்டன் பல்கலைக்கழக ஆய்வில், குறுஞ்செய்தியில் வந்த ஒற்றைச்சொல் பதிலின் முடிவில் புள்ளி இருந்தால் அது மனப்பூர்வமற்றதாகத் தோன்றியது. கையால் எழுதிய சீட்டில் அந்த வேறுபாடு இல்லை. ஆகவே நீண்ட செய்தியில் புள்ளியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், "சரி." என்று மட்டும் அனுப்புவதைத்தான் "சரி சார், பார்த்துச் சொல்கிறேன்" என்று நீட்ட வேண்டும்.

அளவு தவறியதை, வரும் பதிலே காட்டும். மேலாளர் தேதியைச் சொல்லாமல் "ஏன் கோபம்?" என்று கேட்டால் கனிவு போதவில்லை, 😄 மட்டும் அனுப்பினால் கேள்வியே அவர் கண்ணில் படவில்லை.