கூட்டல் எங்கே நிகழ்கிறது? உறுப்புவாரிப் பெருக்கலும் அணிப் பெருக்கலும்

இரண்டு நிரைகளும் இரண்டு நிரல்களும் கொண்ட இரு அணிகளைப் பைத்தான் மொழியின் நம்பை நூலகத்தில் இரண்டு விதமாகப் பெருக்கலாம். இரண்டுமே பிழைச்செய்தி எதுவும் இல்லாமல் நடந்து முடியும். இரண்டு விடைகளும் ஒரே அளவுள்ள அணிகளாகவே வரும்.

```python
A = np.array([[1, 2], [3, 4]])
B = np.array([[5, 6], [7, 8]])
A * B   # [[ 5, 12], [21, 32]]
A @ B   # [[19, 22], [43, 50]]
```

முதலாவது உறுப்புவாரிப் பெருக்கல். ஒரே இடத்தில் இருக்கும் இரண்டு எண்கள் தமக்குள் பெருக்கப்படுகின்றன. அக்கம்பக்கத்து எண்களுக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை. இரண்டாவது பள்ளியில் படிக்கும் அணிப் பெருக்கல். விடையின் முதல் உறுப்பான 19 என்பது, A அணியின் முதல் நிரையையும் B அணியின் முதல் நிரலையும் இணைத்து 1×5 + 2×7 எனக் கணக்கிடப்பட்டது. கூர்ந்து பார்த்தால் அணிப் பெருக்கலின் உள்ளேயும் உறுப்புவாரிப் பெருக்கல்தான் நடக்கிறது. ஆனால் அதற்குப் பின் ஒரு கூட்டல் வருகிறது, அந்தக் கூட்டலில் இரு அணிகளுக்கும் பொதுவாக இருந்த ஒரு திசை கரைந்துவிடுகிறது. மூன்று நிரல்கள் உள்ள அணியை மூன்று நிரைகள் உள்ள அணியால் பெருக்கினால், அந்த மூன்று என்ற அளவு விடையில் எங்கும் தென்படாததற்கு இதுவே காரணம்.

ஆகவே கணினி நிரல் எழுதும்போது எந்தக் குறியை இடுவது என்ற ஐயம் எழுந்தால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தப் படியில் எதன் வழியாகவாவது கூட்டுகிறோமா? ஒவ்வொரு பதிவையும் அதற்குரிய எண்ணால் பெருக்கி, பதிவுகள் அப்படியே தனித்தனியாக நிற்க வேண்டும் என்றால் உறுப்புவாரிப் பெருக்கல் போதும். ஒரு பதிவின் பல அளவீடுகளைக் கெழுக்களால் பெருக்கி ஒரே கணிப்பாகத் திரட்ட வேண்டும் என்றாலோ, எல்லாப் பதிவுகளையும் கூட்டி நிரல்களுக்கு இடையிலான தொடர்பைப் பெற வேண்டும் என்றாலோ அணிப் பெருக்கல் வேண்டும். தரவுப் பகுப்பாய்வில் இவ்விரண்டும் ஒரே சூத்திரத்துக்குள் அடுத்தடுத்து வருவதுண்டு. பதிவுகளுக்கு வெவ்வேறு எடைகள் கொடுத்து நேர்க்கோட்டைப் பொருத்தும் எடையிட்ட மீச்சிறு வர்க்க முறை அதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

மூன்று பதிவுகள் இருப்பதாகக் கொள்வோம். x மதிப்புகள் 1, 2, 3. y மதிப்புகள் 2, 3, 6. மூன்றாவது அளவீட்டின் மீது மற்றவற்றைவிட இரு மடங்கு நம்பிக்கை இருப்பதால் எடைகள் 1, 1, 2. நேர்க்கோட்டின் வெட்டுத்துண்டுக்காக 1 என்ற எண்ணால் ஆன ஒரு நிரலையும் சேர்த்தால் X என்பது மூன்று நிரைகளும் இரண்டு நிரல்களும் கொண்ட அணியாகிறது. கெழுக்களுக்கான சமன்பாட்டைப் பாடநூல்கள் இப்படி எழுதும்:

```
(Xᵀ W X) b = Xᵀ W y
```

இதில் W என்பது எடைகளை முதன்மை மூலைவிட்டத்தில் வைத்து, மற்ற இடங்களை எல்லாம் பூச்சியத்தால் நிரப்பிய அணி. தாளில் இந்த வடிவம் அழகாக இருக்கிறது; முழுக்க அணிப் பெருக்கலாகவே எழுத முடிவதால் தேற்றங்களை நிறுவுவதும் எளிது. அதை அப்படியே கணினி நிரலில் பெயர்த்தால்தான் சிக்கல். ஒரு லட்சம் பதிவுகள் இருந்தால் W அணியில் 1,000 கோடி உறுப்புகள் இருக்கும். ஒவ்வொன்றும் 8 பைட் எடுத்துக்கொள்வதால் 80 கிகாபைட் நினைவகம் வேண்டும். அதில் ஒரு லட்சம் உறுப்புகளைத் தவிர மற்றவை யாவும் பூச்சியமே. ஒரு மூலைவிட்ட அணியால் இடப்பக்கமிருந்து பெருக்குவது என்பது, ஒவ்வொரு நிரையையும் அதற்குரிய எண்ணால் பெருக்குவதே தவிர வேறில்லை. கூட்டல் பெயரளவுக்கு இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு கூட்டலிலும் ஒரே ஓர் உறுப்பைத் தவிர மற்றவை பூச்சியம் என்பதால் உண்மையில் எதுவும் கூட்டப்படுவதில்லை. எனவே அந்த ஒரு படியை உறுப்புவாரிப் பெருக்கலாக மாற்றிவிடலாம்:

```python
Xw = w[:, None] * X
b = np.linalg.solve(Xw.T @ X, Xw.T @ y)
```

கையால் சரிபார்ப்போம். எடைகளின் கூடுதல் 4. எடையிட்ட x மதிப்புகளின் கூடுதல் 1 + 2 + 6 = 9. எடையிட்ட x வர்க்கங்களின் கூடுதல் 1 + 4 + 18 = 23. வலப்பக்கத்தில் 2 + 3 + 12 = 17 என்பதும், 2 + 6 + 36 = 44 என்பதும் வருகின்றன. இரண்டு சமன்பாடுகளைத் தீர்த்தால் வெட்டுத்துண்டு −5/11, சாய்வு 23/11. முதல் வரியில் பதிவுகள் தனித்தனியாக நின்றன, அதனால் `*`. இரண்டாம் வரியில் பதிவுகளின் வழியாகக் கூட்டினோம், அதனால் `@`.

முதல் வரியில் உள்ள `w[:, None]` வெறும் அலங்காரம் அல்ல. அது `w` என்பதன் வடிவத்தை `(3, 1)` ஆக மாற்றுகிறது. நம்பை இரு அணிவரிசைகளின் அளவுகளை வலப்பக்கத்திலிருந்து ஒப்பிடும். ஓர் இடத்தில் அளவு 1 ஆக இருந்தால், மற்றதன் அளவுக்கு ஏற்ப அதைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்திக்கொள்ளும். `w` என்பதன் வடிவம் `(3,)`, X அணியின் வடிவம் `(3, 2)`. வலப்பக்கத்திலிருந்து பார்த்தால் 3 என்பதும் 2 என்பதும் பொருந்தாததால் `w * X` என்று எழுதினால் பிழைச்செய்தி வரும். அது நல்லதே. X அணியில் தற்செயலாக மூன்று நிரல்கள் இருந்திருந்தால் செய்தி எதுவும் வந்திருக்காது. எடைகள் பதிவுகளுக்குப் பதிலாக நிரல்களுக்கு இடப்பட்டிருக்கும். ஆர் மொழி இதற்கு நேர்மாறாக நடந்துகொள்கிறது. அது எண்களை நிரல் நிரலாக மேலிருந்து கீழே நிரப்புவதால், அங்கே `w * X` என்பதே நிரைகளுக்கு எடையிடும். ஒரு மொழியில் பழகிய கை மற்றொன்றில் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இதே விதி இன்னொரு இடத்தில் அமைதியாகத் தவறு செய்யும். அதுதான் நடைமுறையில் அதிகம் அகப்படுவது. கெழுக்களைக் கண்டுபிடித்தாகிவிட்டது, இனிக் கணிப்பின் பிழையை அளக்க வேண்டும். `p = X @ b` என்பதன் வடிவம் `(3,)`. உண்மையான y மதிப்புகளை இம்முறை ஓர் அட்டவணையிலிருந்து `df[["y"]].to_numpy()` என்று எடுத்தோம் என்று வைத்துக்கொள்வோம். இரட்டை அடைப்புக்குறியால் அதன் வடிவம் `(3, 1)` ஆகிவிடுகிறது. இப்போது `y - p` மூன்று எண்களைத் தராது. ஒவ்வொரு y மதிப்பிலிருந்தும் ஒவ்வொரு கணிப்பையும் கழித்து ஒன்பது எண்களைத் தரும். கழித்தலும் உறுப்புவாரியாகவே நடப்பதால் பெருக்கலுக்குரிய அதே விதி இதற்கும் பொருந்துகிறது. அடுத்த வரியில் வர்க்கப்படுத்திச் சராசரி எடுத்தவுடன் ஒன்பது எண்களும் ஒரே எண்ணாகச் சுருங்கிவிடும். தவறு நடந்ததற்கான தடயம் மறைந்துவிடும்.

நம் எடுத்துக்காட்டில் கணிப்புகள் 18/11, 41/11, 64/11. எச்சங்கள் 4/11, −8/11, 2/11. வர்க்கங்களின் சராசரி சுமார் 0.231. தவறான வடிவத்தில் அதே கணினி நிரல் 5.807 என்ற விடையைத் தருகிறது.

இந்த 5.807 எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் தவறைக் கண்டறியும் வழியும் கிடைக்கிறது. எல்லா இணைகளின் வித்தியாச வர்க்கங்களையும் சராசரி எடுத்தால், y மதிப்புகளின் விலக்க வர்க்கச் சராசரி, கணிப்புகளின் விலக்க வர்க்கச் சராசரி, இரு சராசரிகளின் வித்தியாசத்தின் வர்க்கம் ஆகிய மூன்றின் கூடுதலே கிடைக்கும். இங்கே அவை முறையே 2.889, 2.915, 0.004. எந்தக் கணிப்பு எந்தப் பதிவுக்கு உரியது என்ற செய்தியே இந்தச் சூத்திரத்தில் இல்லை. கணிப்புகளை இடம் மாற்றி அடுக்கினாலும் அதே விடைதான் வரும். மேலும், இந்தக் கூடுதல் ஒருபோதும் y மதிப்புகளின் விலக்க வர்க்கச் சராசரியைவிடக் குறையாது. அதாவது எவ்வளவு நல்ல மாதிரியாக இருந்தாலும், எல்லாப் பதிவுகளுக்கும் சராசரியையே கணிப்பாகச் சொல்வதைவிட அது மோசமாகத் தோன்றும். பிழை வர்க்கச் சராசரியை y மதிப்புகளின் விலக்க வர்க்கச் சராசரியால் வகுத்து 1இலிருந்து கழித்தால் கிடைப்பது R² என்ற அளவு. மாதிரி பிசகே இல்லாமல் கணித்தால் அது 1 ஆவதற்குப் பதிலாக −1 ஆகும். நம் கணக்கில் அது ஏறக்குறைய −1.01. வரைபடத்தில் கோடு புள்ளிகளை ஒட்டிச் செல்லும்போது R² மட்டும் −1 அருகே நின்றால், மாதிரியைச் சந்தேகிக்கும் முன் வடிவங்களை அச்சிட்டுப் பார்க்க வேண்டும். பதிவுகள் மிகுதியாக இருந்தால் இதே தவறு நினைவகம் போதாமையாக வெளிப்படும். ஒரு வகையில் அது அதிர்ஷ்டம்தான்.

குறிகளைப் பொறுத்தவரை மொழிகளுக்கிடையே ஒற்றுமை இல்லை. மேட்லேப் மொழியில் `*` என்பது அணிப் பெருக்கல், `.*` என்பது உறுப்புவாரிப் பெருக்கல். ஆர் மொழியில் `*` உறுப்புவாரியானது, `%*%` அணிப் பெருக்கல். பைத்தானில் `@` குறி 2015இல் வெளிவந்த 3.5 பதிப்பில்தான் சேர்க்கப்பட்டது. அதற்கு முன் `np.dot` என்று எழுத வேண்டியிருந்தது. பழைய `np.matrix` வகையிலோ `*` என்பதே அணிப் பெருக்கலாக இருந்தது. அந்தப் பழக்கத்தின் மிச்சம் பூச்சியங்கள் மிகுந்த அணிகளைக் கையாளும் சைபை நூலகத்தில் இன்றும் காணப்படுகிறது: `csr_matrix` வகையில் `*` அணிப் பெருக்கலையும், `csr_array` வகையில் அதே குறி உறுப்புவாரிப் பெருக்கலையும் செய்கிறது. ஒரு செயற்கூற்றுக்குள் எந்த வகை வந்து சேரும் என்று உறுதியாகத் தெரியாதபோது `*` குறியைப் பயன்படுத்துவது விவேகமல்ல. `@` குறியும் `.multiply()` முறையும் இரு வகைகளிலும் ஒரே பொருளைத் தருகின்றன.

பைத்தானில் இந்த இரண்டு குறிகளுக்கும் முன்னுரிமை ஒன்றே என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். `r` என்பதில் பதிவுக்கு ஒன்றாக எண்கள் இருப்பதாகக் கொள்வோம். `r * X @ b` என்ற வரி இடமிருந்து வலமாக `(r * X) @ b` என்றே படிக்கப்படும். முதலில் கணித்துவிட்டுப் பிறகு `r` ஆல் பெருக்குவதுதான் எண்ணம் என்றால் `r * (X @ b)` என்று அடைப்புக்குறி இட்டாக வேண்டும். X சதுர அணியாக இருக்கும்போது இவ்விரண்டும் பிழைச்செய்தி இல்லாமல் வெவ்வேறு விடைகளைத் தரும். சோதனைத் தரவுகளை ஏழு பதிவுகள், மூன்று நிரல்கள் என ஒன்றுக்கொன்று சமமில்லாத அளவுகளில் அமைத்தால் இப்படிப்பட்ட தவறுகளில் பெரும்பாலானவை சோதனையிலேயே பிழைச்செய்தியாக வெளிப்பட்டுவிடும். `(7,)` வடிவமும் `(7, 1)` வடிவமும் கலக்கும் இடத்தில் மட்டும் அது உதவாது. அங்கே கழிப்பதற்கு முந்தைய வரியில் `assert y.shape == p.shape` என்று எழுதிவைப்பதே வழி.