ஆடாமல் இருப்பவரின் தரம் ஏன் சரிகிறது?

லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் விளையாட்டில் டைமண்ட் என்னும் உயர்நிலையை எட்டிய கல்லூரி மாணவர் ஒருவர், செமஸ்டர் தேர்வுக்காகச் சில வாரங்கள் ஒதுங்கியிருந்துவிட்டுத் திரும்பியபோது தம் ரேங்க் இறங்கியிருப்பதைப் பார்த்திருக்கிறார். “நான் ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை. பிறகு எதற்காகப் புள்ளியைக் குறைக்கிறார்கள்? சீசன் தொடங்கும்போது எல்லோரையும் ஏன் கீழே இறக்குகிறார்கள்?” என்று அவர் கேட்டிருக்கிறார். இரண்டும் தனித்தனிக் கேள்விகளாகத் தோன்றினாலும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது. ரேங்க் என்பது திறமையைப் பற்றிய ஒரு கணிப்பு. எந்தக் கணிப்புக்கும் பிழை எல்லை உண்டு. புதிய ஆட்டங்கள் வராதபோது அந்த எல்லை அகன்றுகொண்டே போகும்.

சதுரங்கத்துக்காக இயற்பியல் பேராசிரியர் அர்பாட் எலோ வகுத்த முறையை 1970இல் பன்னாட்டுச் சதுரங்கக் கூட்டமைப்பு ஏற்றுக்கொண்டது. இருவரின் புள்ளி இடைவெளியிலிருந்து வெற்றி வாய்ப்பைக் கணித்து, முடிவு கணிப்பை விட்டு எவ்வளவு விலகுகிறதோ அந்த அளவுக்குப் புள்ளியைக் கூட்டுவதும் குறைப்பதும்தான் அம்முறை. இடைவெளி 400 என்றால் உயர்ந்தவருக்கு ஏறத்தாழ 91 விழுக்காடும், 200 என்றால் 76 விழுக்காடும் வாய்ப்பு. எலோ முறையில் ஒருவருக்கு ஒரே ஓர் எண்தான். நேற்று ஆடியவரின் 2000 புள்ளியும், மூன்றாண்டுகளுக்கு முன் ஆடியவரின் 2000 புள்ளியும் அதற்கு ஒன்றே.

இந்தக் குறையைத்தான் புள்ளியியலாளர் மார்க் கிளிக்மன் 1995இல் தம் கிளிக்கோ முறையில் தீர்த்தார். என்னை மிகவும் கவர்ந்த பகுதி இது. அவர் ஒவ்வொருவருக்கும் இரண்டு எண்களைக் கொடுத்தார்: ஒன்று திறமைக் கணிப்பு, மற்றொன்று அந்தக் கணிப்பின் விலகல். ஆட ஆட விலகல் சுருங்கும், ஆடாதபோது விரியும். புதிதாக வருபவரின் விலகல் 350. தொடர்ந்து ஆடுபவரின் விலகல் 50 என்றும், அவர் 30 மாதங்கள் ஆடாமல் இருந்தால் புதியவரைப் போலவே அறியப்படாதவராகிவிடுவார் என்றும் வைத்துக்கொண்டால், மாதத்துக்கு எவ்வளவு ஐயம் கூடவேண்டும் என்பது எளிய கணக்கு. விலகலின் வர்க்கத்தோடு மாதந்தோறும் 4000ஐக் கூட்டிக்கொண்டே போக வேண்டும்:

```
விலகல்² = 50² + 4000 × மாதங்கள்
```

2000 புள்ளி உள்ள ஒருவர் ஆடுவதை நிறுத்துகிறார். ஒரு மாதத்தில் விலகல் 50இலிருந்து 81 ஆகிறது, இரண்டு மாதத்தில் 102, நான்கு மாதத்தில் 136. அவருடைய 2000 அப்படியே நிற்கிறது. அதைக் குறைக்க எந்தச் சான்றும் இல்லை என்பதால் கிளிக்மன் அதைத் தொடவில்லை. ஆனால் “இவர் குறைந்தது இந்த அளவு திறமையுள்ளவர் என்று எவ்வளவு உறுதியாகச் சொல்லலாம்?” என்று கேட்டுப் பாருங்கள். கணிப்பிலிருந்து விலகலின் இரு மடங்கைக் கழித்தால் அந்தக் கீழ் எல்லை கிடைக்கும். நிறுத்திய அன்று அது 1900. ஒரு மாதத்தில் 1839. நான்கு மாதத்தில் 1728. ஓர் ஆட்டத்திலும் தோற்காதவரின் எண் இறங்கிவிட்டது, அவர் திறமை குறைந்ததாக யாரும் சொல்லாமலேயே. மைக்ரோசாஃப்டின் ட்ரூஸ்கில் முறை வீரர்களை வரிசைப்படுத்துவதும் இத்தகைய கீழ் எல்லையை வைத்துத்தான். அங்கே விலகலின் மும்மடங்கைக் கழிப்பார்கள்.

அவர் திரும்பி வந்து தமக்குச் சமமான 2000 புள்ளிக்காரர் ஒருவரை வென்றால் என்ன ஆகும்? எதிராளியின் விலகல் 50 என்று கொள்வோம். இடைவிடாமல் ஆடியிருந்தால் அந்த வெற்றிக்கு அவருக்கு 7 புள்ளி கிடைத்திருக்கும். நான்கு மாத இடைவெளிக்குப் பின் அதே வெற்றிக்கு 46 கிடைக்கும். தோற்றால் அதே 46 போகும். எதிராளிக்கோ வழக்கமான சிறு மாற்றம்தான். பழைய எண்ணை நம்பாமல் புதிய சான்றுக்கு அதிக எடை கொடுக்கும் இந்த நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும். லிசெஸ் என்ற இணையச் சதுரங்கத் தளம் ஏறக்குறைய இதையே செய்கிறது. விலகல் 110ஐத் தாண்டினால் புள்ளிக்கு அருகில் கேள்விக்குறி வரும். முதன்மைப் பட்டியலில் இடம்பெற வழக்கமான சதுரங்கத்தில் விலகல் 75க்குக் கீழ் இருக்க வேண்டும். புள்ளியில் கை வைப்பதில்லை.

அப்படியென்றால் லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் ஏன் புள்ளியையே வெட்டுகிறது? அங்கே எண்கள் இரண்டு. எதிராளியைத் தேர்ந்தெடுக்கப் பயன்படும் மறைமதிப்பீடு ஒன்று; திரையில் தெரியும் நிலையும் எல்.பி. புள்ளியும் மற்றொன்று. சரிவு விழுவது இரண்டாவதன் மீதுதான். டைமண்டில் ஒவ்வோர் ஆட்டத்துக்கும், ஆடாமல் இருந்தாலும் புள்ளி குறையாத 7 நாள் இருப்பாகச் சேரும். 28 நாளுக்கு மேல் சேராது. இருப்புத் தீர்ந்தபின் நாளொன்றுக்கு 50 எல்.பி. போகும்; ஒரு பிரிவுக்கு 100 எல்.பி. என்பதால் இரண்டு நாளுக்கு ஒரு பிரிவு. மாஸ்டரிலும் அதற்கு மேலும் ஓர் ஆட்டத்துக்கு ஒரே நாள், உச்சம் 14 நாள், இழப்பு 75. முழு இருப்போடு 20 நாள் விலகியிருக்கும் மாஸ்டர் வீரர் ஆறு நாள் இழப்பாக 450 எல்.பி.யைக் கொடுப்பார். டைமண்டுக்குக் கீழே சரிவே கிடையாது. மாஸ்டருக்கும் மேலுள்ள கிராண்ட்மாஸ்டர், சேலஞ்சர் நிலைகளில் இடங்கள் எண்ணிக்கையிட்டவை என்பதை நினைத்தால் காரணம் விளங்கும். அதிர்ஷ்டமான தொடர் வெற்றியில் உச்சம் தொட்டவர் அத்துடன் நிறுத்திக்கொண்டால், அது பேருந்து இருக்கையில் துண்டைப் போட்டுவிட்டு இறங்கிப் போவதைப் போன்றது. நின்றுகொண்டு வருபவருக்கு அந்த இடம் கிடைக்காது. உச்சத்தில் நிறுத்துகிறவரின் எண் சராசரியாக அவருடைய உண்மைத் திறமைக்கு மேலேதான் இருக்கும் என்பதும் புள்ளியியல் உண்மை. உலகச் சதுரங்க வாகையராக இருந்த காரி காஸ்பரோவ் 2005இல் ஓய்வு பெற்றபோது இருந்த 2812 இன்றும் அப்படியே நிற்கிறது. 2017இல் செயின்ட் லூயிஸ் விரைவுப் போட்டிகளுக்கு அவர் திரும்பி வந்தபோது பட்டியலின் கீழ்ப்பகுதியில்தான் முடித்தார்.

ஆனாலும், நாளொன்றுக்கு 50 என்ற அளவு கணிதத்திலிருந்து வந்ததன்று, நிறுவனம் வைத்தது. வீரர்களைத் தொடர்ந்து ஆடவைக்கும் வணிக நோக்கமும் அதில் கலந்திருக்கிறது என்றே கருதுகிறேன். தேர்வெழுதப் போகும் மாணவருக்கு லிசெஸின் வழிதான் நியாயமானது.

சீசன் மாற்றத்தில் இதே வேலை எல்லோருக்கும் ஒரே நாளில் நடக்கிறது. அனைவரையும் 1500 என்ற சராசரியில் நிறுத்தினால் தேர்ந்தவரும் நேற்றுச் சேர்ந்தவரும் முதல் வாரம் முழுக்க மோதிக்கொள்வார்கள். அதனால் பல விளையாட்டுகளில் சராசரியை நோக்கிச் சுருக்குவார்கள். பாதியாகச் சுருக்குவதாகக் கொண்டால் 1900 உள்ளவர் 1700க்கு வருவார். 1500 உள்ளவர் அங்கேயே நிற்பார். இருவரும் மோதினால் உண்மையில் முன்னவர் 91 விழுக்காடு வெல்லக்கூடியவர். முறையோ 76 என்று எண்ணிக்கொண்டிருக்கிறது. ஓர் ஆட்டத்தில் மாறக்கூடிய உச்சம் 32 புள்ளி என்றால், வென்றால் அவருக்கு 7.7 கிடைக்கும், தோற்றால் 24.3 போகும், தொடக்கத்தில் சராசரியாக ஆட்டத்துக்கு ஏறத்தாழ 5 புள்ளியும் பின்னர் குறைந்துகொண்டே வரும் அளவிலும் ஏறுவார், பழைய இடைவெளி திரும்பும்வரை. சீசன் தொடக்கத்தில் நல்ல வீரர்கள் விறுவிறுவென்று ஏறுவதற்கு இதுவே காரணம். 

மறைமதிப்பீட்டையும் சேர்த்துச் சரியவிட்டால் பாதிக்கப்படுகிறவர்கள் மற்றவர்கள்தான். ஸ்டார்கிராஃப்ட் 2 விளையாட்டில் அப்படிச் செய்து பார்த்தார்கள். திரும்பி வந்த வலுவான வீரர்கள் கீழ்நிலை ஆட்டக்காரர்களோடு மோத, பின்னர் அந்த ஏற்பாடே நீக்கப்பட்டது. உங்கள் விளையாட்டில் எது சரிந்திருக்கிறது என்பதை முதல் சில ஆட்டங்களிலேயே கண்டுகொள்ளலாம். எதிராளிகள் பழைய தரத்திலேயே இருந்து, வெற்றிக்குக் கிடைப்பது தோல்விக்குப் போவதைவிடக் கணிசமாக அதிகமாயிருந்தால், திரையில் தெரிவது மட்டுமே இறங்கியிருக்கிறது. எதிராளிகள் எளிதாக இருந்தால் மறைமதிப்பீடும் சேர்ந்து இறங்கியிருக்கிறது.