திரள்வழிப் போலி

நீலகிரியின் கூடலூர்ப் பக்கம் தோட்டத் தொழிலாளர் நிறைந்த வாக்குச்சாவடிகளில் ஒரு கட்சிக்கு ஓட்டு கூடினால், "லைன் வீட்டு ஓட்டு அவர்களுக்குத்தான்" என்று சொல்லிவிடுகிறோம். கூட்டுத்தொகையைப் பார்த்து, உள்ளே இருக்கும் ஆளைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் இந்தப் பிழைக்கு ஆங்கிலத்தில் ஈகலாஜிக்கல் ஃபாலசி என்று பெயர்.

ஈகாலஜி, வீட்டைக் குறிக்கும் ஒய்கோஸ் என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. மக்களை வாழிடவாரியாக ஆராய்ந்த சமூகவியலாளர்கள் அதை எடுத்தாண்டார்கள். 1950இல் டபிள்யூ. எஸ். ராபின்சன் 1930ஆம் ஆண்டின் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கை வைத்து இந்தப் பிழையைக் காட்டினார். வெளிநாட்டில் பிறந்தவர்கள் கூடுதலாக இருந்த மாநிலங்களில் எழுத்தறியாமை குறைவு. ஆள்வாரியாகப் பார்த்தால் அவர்களிடம்தான் அது சற்றுக் கூடுதல். படித்தவர்கள் மிகுந்த மாநிலங்களில் அவர்கள் குடியேறியதே காரணம்.

'சூழலியல் பிழை' என்ற நேர்பெயர்ப்பு வேண்டாம். அதைக் கேட்டவர் காட்டையும் சோலையையும்தான் நினைப்பார். தருக்கப் பிழைக்குத் தமிழில் பழைய சொல் உண்டு: மணிமேகலை பக்கப்போலி, ஏதுப்போலி என்கிறது. அந்த வழியில் 'திரள்வழிப் போலி' பொருந்தும். 'தொகுதிப் போலி' இன்னும் அழகுதான். ஆனால் தொகுதி என்றதும் சட்டமன்றத் தொகுதி மட்டுமே நினைவுக்கு வரும், பிழையோ வாக்குச்சாவடி அளவிலும் நடக்கும்.

கற்பனையாக இரண்டு சாவடிகளை எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் 1000 ஓட்டு பதிவு. முதலாவதில் ஓட்டுப் போட்ட தொழிலாளர் 600, மற்றவர் 400, கட்சிக்கு 550. இரண்டாவதில் தொழிலாளர் 200, மற்றவர் 800, கட்சிக்கு 350. தொழிலாளர் ஆதரவு என்றுதான் தோன்றும். ஆனால் முதல் சாவடியில் மற்றவர் 400 பேரும் கட்சிக்கே போட்டிருந்தால், தொழிலாளர் ஓட்டு வெறும் 150. இரண்டாவதில் 350ம் மற்றவர் ஓட்டாகவே இருக்கலாம். அப்படியானால் தொழிலாளரில் 800க்கு 150, மற்றவரில் 1200க்கு 750. முடிவு தலைகீழ். இதே எண்களுக்குள் இந்தக் கதையும் அடங்குகிறது.

ஆகவே முதலில் எல்லைகளைக் கணக்கிட வேண்டும். கட்சி ஓட்டிலிருந்து மற்றவர் எண்ணிக்கையைக் கழித்தால் தொழிலாளர் ஓட்டின் கீழ் எல்லை. விடை சுழியத்துக்குக் கீழே போனால் சுழியம். கட்சி ஓட்டு, தொழிலாளர் எண்ணிக்கை இரண்டில் சிறியது மேல் எல்லை. முதல் சாவடியில் அது 150 முதல் 550 வரை. எதையும் சொல்ல முடியாத அகலம். 1000 பேரில் 950 பேர் தொழிலாளராக இருந்து கட்சி 700 பெற்றிருந்தால், எல்லை 650 முதல் 700 வரை சுருங்கும். அங்கே துணிந்து பேசலாம், அந்தச் சாவடியைப் பற்றி மட்டும். கடைத்தெருவில் கலந்து வாழும் தொழிலாளரும் அப்படியே போட்டார்கள் என்று அதிலிருந்து சொல்ல முடியாது.

சாவடிவாரி ஓட்டு, தேர்தல் முடிவுத் தாளான படிவம் 20இல் கிடைக்கும். தபால் ஓட்டு அதில் தனியாக இருக்கும். அதை எந்தச் சாவடியிலும் சேர்க்கக் கூடாது. கடினமானது மறுபாதி, அதாவது சாவடியில் தொழிலாளர் எத்தனை பேர் என்பது. வாக்காளர் பட்டியலில் தொழில் இருக்காது. ஆள்கணக்கு வேறு வழியில் கிடைத்தாலும், அது ஊரில் இருப்பவர் கணக்கு. நமக்கு வேண்டியது ஓட்டுப் போட்டவர் கணக்கு. திருப்பூருக்கும் கோவைக்கும் வேலைக்குப் போன லைன் வீட்டுப் பிள்ளைகள் ஓட்டுக்கு மலையேறி வரவில்லையென்றால், மேலே போட்ட 600 என்ற எண்ணே தவறாகி, எல்லைகளும் நகர்ந்துவிடும்.